எல்லையில் வண்டி மாறுவது ஏன்? திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை வழியாகக் கேரளம் செல்வோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

திருநெல்வேலியிலிருந்து கொல்லம், கொட்டாரக்கரை, புனலூர் ஆகிய ஊர்களுக்குச் செல்ல நேர் வண்டிகள் உண்டு. ஆனால் அவை நாம் புறப்படும் நேரத்தில் அமைவது அரிது. நேர் வண்டிக்காக மூன்று மணி நேரம் காத்திருப்பதைவிட, இடையில் ஒருமுறை வண்டி மாறிச் சென்றால் அதே நேரத்தில் ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம். எங்கே மாறுவது என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு முழுக் காலைப்பொழுது செலவாயிற்று.

முதன்முறை நான் கொட்டாரக்கரைக்குச் சென்றபோது, "எல்லையில் மாறிக்கொள்ளலாம்" என்று யாரோ சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன். செங்கோட்டையில் ஒரு நகரப் பேருந்தில் ஏறிப் புளியரையில் இறங்கி, சோதனைச் சாவடி அருகே கேரள வண்டிக்காகக் கைகாட்டி நின்றேன். மலையேறத் தொடங்கும் இடம் அது. முன்னும் பின்னும் கல் ஏற்றிய லாரிகள் நெருக்கியடித்துக்கொண்டு ஏறுகின்றன. நிறைந்து வந்த இரண்டு பேருந்துகள் என்னைப் பார்த்தும் நிற்காமலே போய்விட்டன. அந்தச் சரிவில் நிறுத்தினால் பின்னால் வரும் வண்டிகளின் கதி என்னவாகும் என்பதைப் பிறகு யோசித்தபோது, ஓட்டுநர்கள் மேல் குறையில்லை என்று புரிந்தது. கடைசியில் செங்கோட்டைக்கே திரும்பி வந்து, புறப்பட்டிருக்க வேண்டிய நேரத்துக்கு மூன்று மணி நேரம் கழித்து ஒரு வண்டியில் நின்றபடியே போனேன்.

வண்டி ஏன் எல்லையோடு நிற்கிறது?

ஒரு பேருந்து இடையிடையே ஆட்களை ஏற்றி இறக்கி, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கட்டணம் வாங்க வேண்டுமானால், அதற்குக் குறிப்பிட்ட தடத்துக்கான பெர்மிட் வேண்டும். இந்த வகை வண்டியைத்தான் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 'ஸ்டேஜ் கேரியேஜ்' என்கிறது. தமிழ்நாட்டு அதிகாரிகள் வழங்கும் பெர்மிட் கேரளத்துக்குள் தானாகச் செல்லாது. அதே சட்டத்தின் 88ஆம் பிரிவின்படி, கேரளத்தின் போக்குவரத்து அதிகாரிகளும் அதில் எதிர்க் கையொப்பம் இட வேண்டும். எந்தத் தடத்தில் எந்த மாநிலம் எத்தனை வண்டிகளை எத்தனை நடை விடலாம் என்பதை இரு அரசுகளும் ஒப்பந்தமாகப் பேசி முடிவு செய்கின்றன. அந்த ஒப்பந்தத்தின் வரைவை அரசிதழில் வெளியிட்டு, ஆட்சேபங்களைக் கேட்டு, அதன் பிறகே அது நடைமுறைக்கு வருகிறது. ஆகவே தென்காசி வழியில் கூட்டம் கூடிவிட்டது என்பதற்காக நம் போக்குவரத்துக் கழகம் நினைத்தவுடன் இன்னொரு வண்டியைப் புனலூருக்கு அனுப்பிவிட முடியாது. எல்லைக்கு இந்தப் பக்கம் வரை கூடுதல் வண்டி விடக் கேரளத்தின் ஒப்புதல் தேவையில்லை. எல்லையைத் தாண்டுவதற்குத்தான் கணக்கு இருக்கிறது.

இதிலிருந்து பயணிக்கு உதவும் முடிவு ஒன்று கிடைக்கிறது. எல்லையைத் தாண்டும் வண்டிகள் எண்ணிக்கையில் குறைவு. எல்லைக்கு இருபுறமும் உள்ளூர் வண்டிகள் மிகுதி. எனவே பயணத்தைத் திட்டமிடும்போது, தாண்டும் வண்டி எப்போது, எங்கிருந்து கிளம்புகிறது என்பதை முதலில் பார்த்து, மற்றவற்றை அதற்கேற்ப அமைத்துக்கொள்ள வேண்டும்.

ஆம்னி பேருந்துகளின் கதை வேறு. அவை பெரும்பாலும் சுற்றுலாப் பெர்மிட்டில் ஓடுபவை. ஒவ்வொரு மாநிலமும் தனியாகச் சாலை வரி கேட்கும் சிக்கல் அவற்றுக்கு உண்டு. 2025 நவம்பரில் இந்த வரித் தகராறு முற்றி, தமிழ்நாட்டு ஆம்னி உரிமையாளர்கள் கேரளத்துக்கு வண்டி விடுவதையே நிறுத்தினார்கள். ஆம்னியில் முன்பதிவு செய்பவர்கள், "இதே வண்டி ஊர் வரை போகுமா, எல்லையில் மாற்றிவிடுவீர்களா?" என்று பணம் கட்டும் முன் கேட்டுவிடுவது நல்லது. இந்தக் கட்டுரை அரசுப் பேருந்துகளைப் பற்றியது.

முதல் படி: எல்லையைத் தேடாதீர்கள், வண்டி புறப்படும் நிலையத்தைத் தேடுங்கள்

எல்லைக் கோடு இருக்கும் இடமும் வண்டி மாறும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர். அது தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது எல்லை மேற்கே நகர்ந்து மலைமேல் போய்விட்டது. கோட்டைவாசல் என்னும் அந்த இடத்தில் கருப்பசாமி கோயில் உண்டு, காடு உண்டு, பேருந்து நிலையம் கிடையாது. அதே நாளில் தமிழ்நாட்டுக்கு வந்த கன்னியாகுமரி மாவட்டத்திலோ எல்லை களியக்காவிளை என்ற சந்தை ஊரின் ஓரத்தில் விழுந்தது. அங்கே இரு மாநில வண்டிகளும் ஒரே நிலையத்துக்கு வந்து திரும்புவதால், நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் செல்பவர் எல்லையிலேயே மாறிக்கொள்ளலாம். "எல்லையில் மாறிக்கொள்" என்ற அறிவுரை அங்கே சரி, புளியரையில் தவறு.

செங்கோட்டைத் தடத்தில் இந்தப் பக்கம் மாற வேண்டிய இடம் தென்காசி. மலையின் அந்தப் பக்கம் கேரளப் போக்குவரத்துக் கழகத்தின் சிறு பணிமனை உள்ள ஆரியங்காவும், அதற்கப்பால் புனலூரும் இருக்கின்றன. செங்கோட்டை நிலையத்திலும் ஏறலாம். ஆனால் தென்காசியில் நிறைந்த வண்டி அங்கு வரும்போது இருக்கை இருக்காது. குற்றாலச் சாரல் காலத்திலும் சபரிமலை சீசனிலும் நிற்பதற்கே இடம் கிடைப்பது கடினம். எட்டுக் கிலோமீட்டர் முன்னதாக இறங்கி மாறுவதால் இழப்பு எதுவும் இல்லை.

இரண்டாம் படி: தாண்டும் வண்டியை அடையாளம் காணுதல்

தென்காசிப் புதிய பேருந்து நிலையத்தில் நிற்கும் வண்டிகளின் எண்பலகையைப் பாருங்கள். கேரள அரசுப் பேருந்துகள் எல்லாம் கே.எல். 15 என்றே தொடங்கும். அந்த எண் அந்தக் கழகத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது. ஆகவே பலகையில் உள்ள மலையாளம் படிக்கத் தெரியாவிட்டாலும், அந்த எண்ணோடு தென்காசியில் ஒரு வண்டி நின்றால் அது மலையைத் தாண்டும் வண்டி என்று பெரும்பாலும் கொள்ளலாம். எந்த ஊர் வரை என்பதை மட்டும் நடத்துநரிடம் கேட்டால் போதும். தமிழ்நாட்டு வண்டியானால் டி.என். 72 போன்ற எண்ணை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. பலகையில் கொல்லம், புனலூர் போன்ற ஊர்ப்பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'செங்கோட்டை', 'புளியரை' என்று மட்டும் இருந்தால் அந்த வண்டி இந்தப் பக்கமே நின்றுவிடும். நான் அன்று ஏறியதும் அப்படிப்பட்ட வண்டிதான்.

எந்த வண்டி எப்போது என்பதை நிலையத்தில் உள்ள நேரக் காப்பாளரிடம் கேளுங்கள். கேட்கும் விதத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. "கேரளா பஸ் எப்போ?" என்று கேட்டால், அடுத்து வரும் ஏதோ ஒரு வண்டியைக் காட்டுவார், அது ஆரியங்காவோடு நின்றாலும் நிற்கலாம். "அண்ணாச்சி, புனலூர் தாண்டிப் போற வண்டி அடுத்தது எத்தனை மணிக்கு? அதை விட்டா அதுக்கப்புறம் எத்தனை மணிக்கு?" என்று இரண்டு கேள்விகளாகக் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் விடைதான், காபி குடிக்கப் போகலாமா கூடாதா என்பதைத் தீர்மானிக்கும்.

முன்பதிவுள்ள நேர் வண்டிகளைப் பார்க்க, தமிழ்நாட்டுப் பேருந்துகளுக்கு `tnstc.in`, கேரளப் பேருந்துகளுக்கு `onlineksrtcswift.com` ஆகிய தளங்கள் உள்ளன. முன்பதிவு இல்லாத சாதாரண வண்டிகள் இவற்றில் வராது. எனவே திரையில் ஒன்றும் இல்லை என்பதால் வண்டியே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

ஒரு பயணம்: திருநெல்வேலி – கொட்டாரக்கரை

சென்ற ஆண்டு அத்தையை அழைத்துக்கொண்டு போனபோது செய்ததைச் சொல்கிறேன். காலை ஐந்தரைக்கு வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்தில் தென்காசி வண்டி ஏறினோம். ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகத் தென்காசி ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். ஏழு மணிக்குச் சற்று முன்னதாக இறங்கினோம். கொல்லம் செல்லும் வண்டிக்கு நாற்பது நிமிடம் இருந்தது. வேறு வண்டியில் செங்கோட்டை வரையாவது போய்விடுவோமே என்று அத்தை அவசரப்பட்டார். புளியரை அனுபவத்தைச் சொன்னதும் உட்கார்ந்துவிட்டார்.

வண்டி ஏறியதும் கொட்டாரக்கரை வரை ஒரே சீட்டாக வாங்கினோம். துண்டு துண்டாக வண்டி மாறினால் ஒவ்வொரு வண்டியிலும் குறைந்தபட்சக் கட்டணத்திலிருந்து கணக்குத் தொடங்கும் என்பதால், மொத்தச் செலவு சற்றுக் கூடும். தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு உள்ள கட்டணமில்லாப் பயணம் இந்தத் தொலைதூர வண்டிகளுக்குப் பொருந்தாது. இதை அத்தை ஒப்புக்கொள்ள ஆரியங்காவு வரை ஆயிற்று.

மலையில் எஸ் வளைவு அருகே லாரி நெரிசலில் இருபது நிமிடம் போயிற்று. இந்தத் தடத்தில் கணக்குத் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். அந்தப் பக்கம் இன்னொரு வண்டியைப் பிடிக்க வேண்டியிருந்தால், இடையில் ஒரு மணி நேரமாவது விட்டுத் திட்டமிடுங்கள். ஆரியங்காவு தாண்டிக் கழுதுருட்டியில் பதின்மூன்று கண் ரயில் பாலம் தெரிந்தால் இறக்கம் பாதி முடிந்தது என்று கொள்ளலாம். அடுத்துத் தென்மலை, அதன் பிறகு புனலூர்.

நேர் வண்டி தவறிவிட்டால்

அப்போது புனலூர் வரை போகும் எந்த வண்டியானாலும் ஏறிவிடுங்கள். புனலூரிலிருந்து கொட்டாரக்கரைக்கும் கொல்லத்துக்கும் அடிக்கடி பேருந்து உண்டு. அங்கே நிலையத்தில் 'ஸ்டேஷன் மாஸ்டர்' என்ற பெயரோடு ஓர் அறை இருக்கும். நம் ஊர் நேரக் காப்பாளரின் வேலையை அங்கே அவர் பார்க்கிறார். "சேட்டா, கொட்டாரக்கரைக்கு அடுத்த பஸ் எப்போழா?" என்றால் போதும், தமிழிலேயே கேட்டாலும் புரிந்துகொள்வார்கள். சிறிய ஊரில் இறங்க வேண்டியவர்கள் 'சூப்பர் ஃபாஸ்ட்' என்ற வண்டியில் ஏறும் முன், அது தங்கள் நிறுத்தத்தில் நிற்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆரியங்காவோடு நிற்கும் வண்டியில் ஏறுவது பகலில் மட்டும் செய்யத்தக்கது. மாலைக்குப் பிறகு அங்கே தொடர் வண்டி தவறினால், காட்டின் நடுவே உள்ள சிற்றூரில் இரவைக் கழிக்க வேண்டிவரும். திரும்பி வரும்போதும் இதே கணக்குத்தான்: தென்காசி செல்லும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் புனலூரைக் கடக்கும்போதே நடத்துநரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டோம். தென்காசிக்கு வந்துவிட்டால் அங்கிருந்து திருநெல்வேலிக்கு இரவு வெகுநேரம் வரை வண்டி இருக்கும்.