விகிதம் புரிய ஒரு அரிசிக்கடைக் கதை

கலவைக் கணக்கை ஏழாம் வகுப்பில் நான் இந்தக் கதையோடுதான் தொடங்குவேன்.

அம்பாசமுத்திரம் பஜாரில் ஒரு அண்ணாச்சி. கடையில் கிலோ 60 ரூபாய்க்கு ஒரு புழுங்கலரிசி, 48 ரூபாய்க்கு இன்னொன்று. வந்த அக்கா கேட்டது 52 ரூபாய் அரிசி. "ரெண்டையும் கலந்து தாரேன், சரியாக்கா?" என்கிறார். (சொல்லிவிட்டுக் கலக்கிறார், அது முக்கியம்.) எந்த விகிதத்தில் கலப்பார்?

இங்கே கதையை நிறுத்திவிடுங்கள். பாதிப் பாதி என்று ஒரு பிள்ளை சொல்லும். கணக்குப் போட்டால் 54 வரும், அக்கா வாங்க மாட்டார்.

60 ரூபாய் அரிசி ஒவ்வொரு கிலோவும் 52-ஐவிட 8 ரூபாய் கூடுதல். 48 ரூபாய் அரிசி 4 ரூபாய் குறைவு. ஒரு கிலோவில் ஏறும் 8-ஐச் சரிக்கட்ட, 4 ரூபாய் குறையும் அரிசி இரண்டு கிலோ வேண்டும். ஆக 1:2. உசந்தது 25 கிலோ மூட்டை ஒன்று, மற்றது இரண்டு. 1,500 + 2,400 = 3,900; 75 கிலோவால் வகுத்தால் 52.

பிள்ளைகள் வழுக்குவது வித்தியாசங்களை அப்படியே 8:4 என்று எழுதும்போதுதான். அப்படிக் கலந்தால் 56 ஆகிவிடும். 52 எந்த விலைக்குப் பக்கம் என்று கேளுங்கள், 48-க்குத்தான். அப்போ அந்த அரிசிதானே கூட இருக்க வேண்டும்?

கடைசியில், "45 ரூபாய்க்குக் கலந்து தாங்க அண்ணாச்சி" என்று அக்கா கேட்டதாகச் சொல்லிப் பாருங்கள். பின்பெஞ்சுதான் முதலில் சிரிக்கும்.