பிடித்த 1,357 ரூபாய்க்குக் கணக்கு கேட்டேன்

குன்னூரிலிருந்து யூகலிப்டஸ் தைலமும் தேயிலையும் ஒரு ஆன்லைன் சந்தையில் விற்கிறேன். ஆடி மாதம் மழையில் மேட்டுப்பாளையம் சாலை இரண்டு நாள் அடைபட்டது. அடுத்த வாரப் பணத்தில் ‘இதர அபராதம்’ என்று 1,357 ரூபாய் குறைந்திருந்தது. காரணம் எதுவும் இல்லை.

முதலில் “ஏன் பிடித்தீர்கள்?” என்றுதான் கேட்டேன். “கொள்கைப்படி” என்று பதில் வந்தது. அப்படிக் கேட்டால் அப்படித்தான் வரும்.

அப்புறம் செட்டில்மென்ட் அறிக்கையை இறக்கிப் பார்த்தேன். 1,357-ஐ 1.18-ஆல் வகுத்தால் 1,150. அதாவது 18 சதவீத ஜிஎஸ்டி போக, ஆர்டருக்கு 50 ரூபாய் வீதம் 23 ஆர்டர். அந்த வாரம் தாமதமாகப் போனதும் சரியாக 23தான்!

அதில் 9 நான் பேக் செய்யவே தாமதித்தவை. அது என் தப்பு. மீதி 14 கெடுவுக்கு முன்பே தயாராக இருந்தன, கூரியர் வண்டிதான் வரவில்லை. தயாரான நேரமும் பிக்கப் நேரமும் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டுகளை இணைத்து, இரண்டே கேள்வி எழுதினேன்: ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு? ஆர்டர் வாரியாகக் கணக்கு என்ன?

பிரிவு எண்ணை அனுப்பினார்கள். ‘விற்பவரால் ஏற்படும் தாமதம்’ என்றுதான் அதில் இருந்தது. அந்த வரியையே எடுத்துத் திருப்பி அனுப்பினேன். பதினோராம் நாள் 14 ஆர்டருக்கும் ஜிஎஸ்டி சேர்த்து 826 ரூபாய் வந்தது, கிரெடிட் நோட்டுடன்.