சார்ட்டோட மெயின் லைனைப் பிடிக்க லக்னாதிபதியிலிருந்து போங்க

வெஸ்டர்ன் சார்ட் பாக்கும்போது பத்து கிரகத்தையும் ஒண்ணொண்ணா மேயாம, லக்னாதிபதி எந்த ராசில இருக்கார்னு பாருங்க, அந்த ராசிக்கு யார் அதிபதியோ, அதாவது நம்ம ஆளுங்க சொல்ற மாதிரி வீடு கொடுத்தவர், அவர் எங்க இருக்கார்னு பாருங்க, அப்படியே சங்கிலி நிக்கிற வரைக்கும் போயிட்டே இருங்க. இந்த வீடு கொடுத்தவரைத்தான் டிஸ்போசிட்டர்னு சொல்றாங்க.

உதாரணத்துக்கு கன்னி லக்னம், புதன் மேஷத்துல. மேஷத்துக்கு செவ்வாய், அவர் ரிஷபத்துல. ரிஷபத்துக்கு சுக்கிரன், அவர் மீனத்துல. மீனத்துக்கு குரு, அவர் தனுசுல ஆட்சியா உக்காந்துட்டார், அதுக்கு மேல போக வழியில்ல. ஒரு முழு ராசியையே ஒரு பாவமா எடுக்கற ஹோல் சைன் கணக்குல தனுசு 4ம் பாவம், அதனால வீடு, குடும்பம்தான் இந்த சார்ட்ல எல்லாம் போய் சேர்ற இடம். ஒரு கிரகம் இன்னொருத்தர் ராசில இருந்தா அவர் கையை எதிர்பார்த்துதான் வேலை செய்யும்ங்கறதுதான் இதுக்குப் பின்னாடி இருக்கற லாஜிக்.

ஆனா புது முறைப்படி மீனத்துக்கு அதிபதி நெப்டியூன்னு எடுத்தா சங்கிலி குரு கிட்ட போகாம வேற பக்கம் திரும்பிடும், அதனால பழைய 7 கிரக அதிபதிகளையே வச்சுக்கங்க, ரெண்டையும் கலந்தா குழப்பம்தான். இதே சார்ட்ல சந்திரன் கடகத்துல இருந்தா அவரும் ஆட்சி, அப்போ குரு மட்டும்தான் முடிவுன்னு சொல்ல முடியாது. சில சார்ட்ல சங்கிலி முடியவே முடியாது, சுக்கிரன் மேஷத்துலயும் செவ்வாய் ரிஷபத்துலயும் இருந்தா ஒருத்தரை ஒருத்தர் காட்டிட்டே சுத்துவாங்க, அந்த ஜோடியையே முடிவா எடுத்துக்கங்க. பிறந்த நேரம் சரியா தெரியலன்னா இதை விட்டுடுங்க, லக்னம் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருதடவை மாறிடும்.