இரண்டாம் மொழியில் அன்பைச் சொல்லும்போது எங்கே தவறுகிறோம்

சேலத்துப் பெண், லக்னோ மாப்பிள்ளை, பொது மொழி ஆங்கிலம் என்று ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். தினமும் மதியம் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கும் நினைப்பில் "ஹேவ் யூ ஈட்டன்?" என்று அனுப்புகிறார் மனைவி. கொஞ்ச நாளில் கணவருக்கு, இது என்ன தினமும் வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி இருக்கிறதே என்று தோன்றிவிடுகிறது.

கேள்வியில் தப்பில்லை. தமிழில் அந்தப் பிரியம் "ங்க"விலும், குரல் இழுவையிலும், இப்படிக் கேட்பதுதான் அக்கறை என்ற நம் ஊர் வழக்கத்திலும் இருந்தது. அதெல்லாம் ஆங்கிலத்துக்குக் கூட வருவதில்லை, வெறும் விசாரணைதான் போய்ச் சேருகிறது. சிலர் இதைச் சரிக்கட்ட "டியர்", "ஸ்வீட்டி" என்று சேர்க்கிறார்கள். அது வாழ்த்து அட்டை வாசகம் மாதிரி ஆகிவிடும். கேட்கத் தோன்றிய காரணத்தை முதலில் சொல்லிவிட்டு, கேள்வியைக் கடைசியில் வையுங்கள். "காலையிலிருந்து மீட்டிங்னு சொன்னீங்க. அதே நினைப்பா இருந்தது. சாப்பிட நேரம் கிடைச்சதா?" இதே வரிசையில் மூன்று சின்ன ஆங்கில வாக்கியங்கள் போதும். பதில் வெறும் "யெஸ்" என்று வந்தால் உங்கள் அக்கறை போய்ச் சேரவில்லை. என்ன சாப்பிட்டார், நாள் எப்படிப் போகிறது என்று அவராகவே சொன்னால் சேர்ந்துவிட்டது.

கட்டளை வாக்கியத்திலும் இதே சிக்கல்தான். "பாத்துப் போங்க" என்பது நமக்குப் பாசம், "கோ ஸ்லோ" என்பது அவருக்கு உத்தரவு. அவர் ஏற்காட்டுக்கு வண்டியில் ஏறப்போகிறார் என்றால், என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதைவிட உங்கள் மனநிலையைச் சொல்லுங்கள். "அந்த 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டுற வரைக்கும் எனக்கு மனசு அடங்காது, மேல போனதும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்பதை ஆங்கிலத்தில் சொன்னாலும் சூடு குறையாது.

இதைவிடப் பெரிய தவறு, சொல்லின் எடையை நம் காதை வைத்து அளப்பது. பின்னாளில் கற்ற மொழியில் கடுஞ்சொல்லும் அன்புச் சொல்லும் பேசுகிறவருக்கு லேசாகத்தான் தெரியும். உளவியல் ஆய்வாளர் கேத்தரின் ஹாரிஸும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், துருக்கியைத் தாய்மொழியாகக் கொண்டு ஆங்கிலம் கற்றவர்களின் விரல் தோலில் ஏற்படும் மின் மாற்றத்தை அளந்தார்கள். சின்னப் பிள்ளைகளைத் திட்டும் வாக்கியங்களுக்கு, ஆங்கிலத்தில் கேட்டபோதைவிடத் தாய்மொழியில் கேட்டபோது உடம்பு கூடுதலாகத் துணுக்குற்றது. அதனால்தான் சண்டையில் "ஐ டோன்ட் கேர்", "ஜஸ்ட் லீவ்" என்று நம் வாயில் சட்டென்று வந்துவிடுகிறது. எதிரில் இருப்பவர் ஆங்கிலத்திலேயே வளர்ந்தவர் என்றால் அது முழு எடையோடு விழும். அந்த வாக்கியத்தை மனசுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். தமிழில் வாய் வராது என்றால் ஆங்கிலத்திலும் சொல்லாதீர்கள்.

"ஐ லவ் யூ" என்பதும் இப்படித்தான். தமிழில் கூச்சப்படுகிறவர் ஆங்கிலத்தில் எளிதாகச் சொல்லிவிடுகிறார். அது பொய் என்று நான் நினைக்கவில்லை, கூச்சம் குறைவது நல்ல வசதிதான். ஆனால் பழக ஆரம்பித்த புதிதில், கேட்பவர் அதை முழு வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளலாம் என்பதை மனதில் வையுங்கள்.

அவருக்குப் புரியாது என்று தமிழை மொத்தமாக மூடி வைப்பதும் தவறு. இரண்டே இரண்டு சொற்களை எடுங்கள். நம் பக்கத்துக் "கண்ணு" ஒன்று, "பத்திரம்" ஒன்று என்று வைத்துக்கொள்வோம். பொருளை ஒரு முறை சொன்னால் போதும். பிறகு ஒவ்வொன்றையும் ஒரே சந்தர்ப்பத்தில், வாயால் சொல்லுங்கள். வெளியூரில் இருந்தால் குரல் பதிவாக அனுப்புங்கள். "பத்திரம்" என்றால் வாசலில் வழியனுப்பும்போது மட்டும். கேட்பவர் அகராதியிலிருந்து அல்ல, அந்தச் சந்தர்ப்பத்திலிருந்துதான் உணர்வைப் பிடிக்கிறார். கோபத்தில் குத்தலாக ஒரு முறை "கண்ணு" என்றுவிட்டால் அந்தச் சொல் கெட்டுப்போகும். அவர் திருப்பிச் சொல்லும்போது உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தாலும் அதோடு நிறுத்திவிடுவார்.

எல்லாருக்கும் இந்த இடைவெளி ஒரே அளவில் இருக்காது. சேலத்து நெசவு வீடுகளில் கன்னடம், தெலுங்கு, சௌராஷ்டிரம் பேசி வளர்ந்து, நாலு வயதில் தெருவில் தமிழ் பிடித்தவர்கள் பலருக்கு இரண்டு மொழியும் நெருக்கம்தான். கல்லூரியில் ஆங்கிலம் பேசப் பழகியவருக்குக்கூட, வருடக்கணக்கில் அதிலேயே குடும்பம் நடத்தினால் அதில் எடை ஏறும். ஆனால் காய்ச்சலிலும் துக்கத்திலும் தாய்மொழிதான் முந்திக்கொண்டு வரும். அப்போது நடுவில் "வாட் டஸ் தட் மீன்?" என்று நிறுத்திக் கேட்க வேண்டாம், அடுத்த நாள் கேட்டால் போதும் என்று நல்ல நாளிலேயே இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.