ப்ளே ஸ்கூல் விட்டு வந்ததும் முதல்ல சோப்பு

குழந்தை ப்ளே ஸ்கூல்ல இருந்து வந்ததும் பிஸ்கட் டப்பாவ தொடுறதுக்கு முன்னாடி நேரா வாஷ் பேசினுக்கு கூட்டிட்டு போய் சோப்பு போட்டு 20 செகண்ட் கைய தேய்ச்சு விடுங்க, விரல் இடுக்கு, கட்டைவிரல் உட்பட. சளி வைரஸ் தும்மல்ல மட்டும் இல்ல, பொம்மைல ஒட்டி கைக்கு வந்து அங்கருந்து மூக்கு, கண்ணுக்கும் போகுது, இந்த வயசுல கை எப்பவும் மூஞ்சிலதான இருக்கும். மூக்க தொடைச்ச கர்சீப்ப திரும்ப பாக்கெட்ல வைக்காம டிஷ்யூ எடுத்து தூக்கி போட்டுடுங்க.

இதனால சளியே வராதுன்னு இல்ல, பக்கத்துல உக்காந்து தும்முனா கை கழுவி என்ன பண்றது. முதல் வருஷம் 8, 10 தடவ சளி பிடிக்கிறது நார்மல்தான், ஒவ்வொண்ணும் 10 நாள் இழுக்கறதால எப்பவும் மூக்கு ஒழுகற மாதிரியே தெரியும். ஆனா மூச்சு வேகமா வாங்கினாலோ, விலா உள்ள இழுத்தாலோ, தண்ணி கூட குடிக்கலன்னாலோ உடனே டாக்டர்ட்ட போயிடுங்க, 3 நாளைக்கு மேல காய்ச்சல் விடாம இருந்தாலும் காட்டிடுங்க.