95% விஏஆர் ஏன் ஜாஸ்தியா வந்துச்சு, எப்படி சரி பண்ணோம்

ஈரோட்டுல எங்க பங்காளி ஷேர்ல 10 லட்சம் போட்டிருக்காருங்க, தினசரி ஸ்டாண்டர்டு டீவியேஷன் 1.2%, சராசரி லாபத்தை ஜீரோன்னு வெச்சுக்கிட்டாரு, அவரு எக்செல் ஷீட்ல ஒரு நாள் 95% விஏஆர், அதாவது நூத்துல 95 நாள் நட்டம் இதைத் தாண்டாதுங்கற தொகை, 23,520 ரூவான்னு காட்டுச்சு. ஆனா வருசத்துல அதைத் தாண்டி நட்டமான நாள் ஆறோ ஏழோதான், 250 நாள்ல 5%ன்னா 12, 13 வரோணுமில்லீங்க? அங்கதான் சந்தேகமாச்சு.

பாத்தா ஸ்டாண்டர்டு டீவியேஷனைப் பெருக்க 1.96 போட்டிருக்காரு. அது நார்மல் கர்வுல ரெண்டு பக்கமும் 2.5% வெட்டுற நம்பருங்க, லாபம் ஜாஸ்தியா வந்தா யாரு பயப்படுவா! நட்டப் பக்கம் மட்டும் 5% வெட்டோணும்:

```
=1000000*0.012*NORM.S.INV(0.95)
```

இப்ப 1.645 கிட்ட எடுத்துக்கிட்டு 19,738 வந்துச்சு, தாண்டுன நாளும் 13 ஆச்சு.

99% வேணும்னா 0.99 போடுங்க, 27,916 வரும், ஆனா அந்தக் கடைசி ஓரத்துல நார்மல் கர்வை அவ்வளவா நம்ப முடியாதுங்க, 2024 ஜூன் 4ல நிஃப்டி ஒரே நாள்ல 5%க்கு மேல விழுந்துச்சே.