ப்ளூடூத் ஸ்பீக்கரில் பாட்டு கேட்க டேட்டா எதற்கு? பாட்டை இறக்கி வைத்துக் கேட்கும் முறை

அத்தை ஒரு தையல் கடை வைத்திருக்கிறார். காலை 10 மணிக்குத் திறந்தால் மாலை 6 வரை ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று மணி வாக்கில் அவருடைய போனில் அன்றைய 1.5 ஜிபி தீர்ந்துவிடும். அதன் பிறகு வேகம் 64 கேபிபிஎஸ்தான். பாட்டு நிற்பது ஒரு பக்கம் இருக்கட்டும், வாடிக்கையாளர் யுபிஐயில் அனுப்பிய பணம் வந்ததா என்று பார்ப்பதற்குக்கூட செயலி சுற்றிக்கொண்டே இருக்கும். சார்ஜும் அதற்குள் 20 சதவீதத்துக்கு வந்திருக்கும்.

"இந்த ஸ்பீக்கர் வாங்கினதுலேர்ந்துதான்ப்பா டேட்டா நிக்கவே மாட்டேங்குது" என்றார்.

பாவம், ஸ்பீக்கர் மேல் தப்பில்லை. போனிலிருந்து ப்ளூடூத் ஸ்பீக்கருக்குப் பாட்டு போவதற்கு ஒரு எம்பி டேட்டாகூட ஆகாது. அது பக்கத்தில் இருக்கும் இரண்டு கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் சின்ன ரேடியோ. டேட்டா செலவெல்லாம் அதற்கு முந்தைய கட்டத்தில், இணையத்திலிருந்து பாட்டு போனுக்கு வரும்போது ஆகிறது. அந்தக் கட்டத்தை ஒரே தடவையில் முடித்துவிட்டால் போதும். அத்தை போனில் செய்ததை அப்படியே வரிசையாகச் சொல்கிறேன். ஆண்ட்ராய்டு போனை வைத்துத்தான் சொல்கிறேன்.

படி 1: உங்கள் ஸ்பீக்கர் எந்த வகை?

இதைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். வயர் இல்லாத ஸ்பீக்கரில் இரண்டு வகை உண்டு. ஒன்று ப்ளூடூத். இதில் போன்தான் பாட்டைப் பாடுகிறது, ஸ்பீக்கர் அதை வாங்கி ஒலிக்கிறது. மற்றொன்று வைஃபை ஸ்பீக்கர். பேசினால் பதில் சொல்லும் ஸ்மார்ட் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் இந்த வகை. இதற்கு Cast பொத்தானை அழுத்திப் பாட்டு அனுப்பினால், போன் அனுப்புவது பாட்டு இருக்கும் முகவரியை மட்டும்தான். பாட்டை ஸ்பீக்கரே நேராக இணையத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆகவே நீங்கள் போனில் ஆயிரம் பாட்டு இறக்கி வைத்திருந்தாலும் அது அவற்றைத் தொடாது. அந்த ஸ்பீக்கரை உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்திருந்தால் செலவாவது உங்கள் டேட்டாதான்.

கண்டுபிடிப்பது சுலபம். பாட்டு ஓடும்போது போனில் ப்ளூடூத்தை அணையுங்கள். ஸ்பீக்கரில் பாட்டு நின்றால் ப்ளூடூத் வழி. நிற்காமல் ஓடினால் ஸ்பீக்கர் தானே இழுக்கிறது. பெரும்பாலான வைஃபை ஸ்பீக்கர்களில் ப்ளூடூத்தும் இருக்கும். அப்படியென்றால் Cast வேண்டாம், ப்ளூடூத்தில் இணைத்து இந்தக் குறிப்பைத் தொடருங்கள்.

படி 2: செலவு எங்கே போகிறது?

போனின் Settings பக்கத்தைத் திறந்து, மேலே உள்ள தேடல் பெட்டியில் Data usage என்று தட்டினால் எந்தச் செயலி எவ்வளவு தின்றது என்று தெரியும். அத்தை போனில் முதலிடத்தில் இருந்தது வீடியோ செயலி. பாட்டுக் கேட்பதாக நினைத்து, தைக்கும்போது யாரும் பார்க்காத படத்தை மணிக்கணக்கில் ஓட்டியிருக்கிறார். கட்டணம் கட்டாத வீடியோ செயலியில் திரையை அணைத்தால் பாட்டும் நின்றுவிடும் என்பதால் திரையும் நாள் முழுக்க எரிந்திருக்கிறது. சார்ஜ் போனதற்கு முக்கியமான காரணம் இந்தத் திரைதான்.

அடுத்த காரணம் சிக்னல். பாட்டு இணையத்திலிருந்து வரும்போது துண்டு துண்டாக வருகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் போனின் மோடம் விழிக்கும். துண்டு வந்து சேர்ந்த பிறகும் உடனே தூங்காமல் சில வினாடி விழித்தே இருக்கும். டவர் தூரத்தில் இருந்தால் அதை எட்டுவதற்கு இன்னும் அதிக சக்தி போடும். அத்தை கடை ஒரு வணிக வளாகத்தின் உள்கட்டில், சிக்னல் ஒரு கோடுதான் காட்டும். நல்ல சிக்னல் உள்ள இடத்தில் ஒலியை மட்டும் கேட்பவருக்கு, இறக்கி வைத்துக் கேட்பதால் மிச்சமாகும் சார்ஜ் கொஞ்சம்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு டேட்டாதான் பெரிய லாபம்.

படி 3: பாட்டு எங்கிருந்து?

இரண்டு வழி இருக்கிறது. முதலாவது, கட்டணச் சந்தா உள்ள பாட்டுச் செயலி. Spotify, YouTube Music போன்றவற்றில் பாட்டை இறக்கி வைக்கும் வசதி இலவசக் கணக்குக்குக் கிடையாது. சந்தா வாங்கும் முன் அந்தத் திட்டத்தில் டவுன்லோட் உண்டா என்று படித்துப் பாருங்கள். எல்லாத் திட்டத்திலும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். இப்படி இறக்கும் பாட்டு பூட்டுப் போட்ட கோப்பாகத்தான் சேமிக்கப்படும். அந்தச் செயலிக்குள் கேட்கலாம், மெமரி கார்டில் போட்டு வேறு ஸ்பீக்கரில் கேட்க முடியாது.

இரண்டாவது வழி, உங்களுக்கே சொந்தமான எம்பி3 கோப்புகள். காசு கொடுத்து வாங்கியது, உங்கள் சிடியிலிருந்து கணினியில் எடுத்தது, கோவில் கச்சேரியில் நீங்களே பதிந்தது என்று எதுவானாலும் சரி. போனில் போட்டு VLC மாதிரி ஒரு பிளேயரில் கேட்கலாம். அத்தை முதல் வழியைப் பிடித்துக்கொண்டார்.

படி 4: எவ்வளவு இறக்குவது, எப்போது இறக்குவது?

நடுத்தரத் தரமான 160 கேபிபிஎஸ்ஸில் ஒரு நிமிடப் பாட்டு சுமார் 1.2 எம்பி. இந்த ஒரு கணக்கு போதும். கடை திறந்திருக்கும் எட்டு மணி நேரமும் ஸ்ட்ரீம் செய்தால் 576 எம்பி. மாதம் 26 நாள் என்றால் ஏறக்குறைய 15 ஜிபி. இதுவே 150 பாட்டை ஒரு முறை இறக்கினால், ஒரு பாட்டு சராசரி நாலரை நிமிடம் என்று வைத்து, 810 எம்பி. பதினோரு மணி நேரத்துக்கு மேல் வரும், ஒரு நாளில் பாட்டு திரும்ப வராது. இரண்டாவது நாளிலேயே கணக்கு உங்கள் பக்கம் சாய்ந்துவிடும். ஆனால் ஒரு தடவை கேட்டு மறக்கப்போகிற பாட்டை இறக்குவதில் எந்த லாபமும் இல்லை.

செயலியின் அமைப்புகளில் இறக்கும் தரத்தை நடுத்தரத்தில் வையுங்கள். தையல் மிஷின் சத்தத்துக்கு நடுவே சின்ன ஸ்பீக்கரில் 320 கேபிபிஎஸ் கேட்டு வித்தியாசம் கண்டுபிடிப்பவர் யாரும் இல்லை, இடம்தான் இரண்டு மடங்கு போகும்.

அப்புறம் ஒரு பிளேலிஸ்ட் உருவாக்கி, அதன் மேலே உள்ள கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்துங்கள். வீட்டில் வைஃபை இருந்தால் அதில் செய்யுங்கள். அத்தை வீட்டில் கிடையாது. அதற்கும் வழி இருக்கிறது. தினசரி டேட்டா நள்ளிரவில் புதுப்பிக்கப்படும் திட்டங்களில், அன்றைக்கு மிச்சமானது வீணாகத்தான் போகும். ஒரு நாள் கடையில் பாட்டே போடாமல் இருந்துவிட்டு, இரவு பத்து மணிக்கு மேல் அந்த மிச்சத்தில் இறக்கினோம். மொபைல் டேட்டாவில் இறக்க, செயலியில் அதற்கான அனுமதியைத் தற்காலிகமாகத் திறக்க வேண்டும். முடிந்ததும் மறக்காமல் மூடிவிடுங்கள். இறங்கி முடியும்வரை செயலியைத் திரையில் திறந்தே வையுங்கள். பேட்டரியைக் காப்பாற்றுகிறேன் என்று பல போன்கள் பின்னணியில் இருக்கும் செயலியை நிறுத்திவிடும், காலையில் பார்த்தால் 150இல் 23தான் இறங்கியிருக்கும்.

படி 5: சோதித்துப் பாருங்கள்

கடைக்குப் போகும் முன் மொபைல் டேட்டா, வைஃபை இரண்டையும் அணைத்து, ஸ்பீக்கரை இணைத்து, பட்டியலின் தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் பாட்டைப் போட்டுப் பாருங்கள். இறங்காத பாட்டு மங்கலாகத் தெரியும், அல்லது ஓடாது. டேட்டா போட்ட நிலையில் இந்தச் சோதனையைச் செய்தால் பயனில்லை. இறங்காத பாட்டைச் செயலி சத்தமில்லாமல் இணையத்திலிருந்து எடுத்துவிடும்.

ஃபிளைட் மோட் போட்டு, பிறகு ப்ளூடூத்தை மட்டும் தட்டித் திறந்தாலும் பாட்டு ஓடும், சார்ஜ் இன்னும் நிற்கும். ஆனால் அழைப்பு வராது. கடைக்காரருக்கு அது ஒத்துவராது.

எங்கே சறுக்கும்?

அத்தைக்கு முதல் வாரத்திலேயே சறுக்கியது. யுபிஐக்காக டேட்டாவைப் போட்டே வைத்திருந்தார். முதல் நாள் விட்ட இடத்திலிருந்து ஓடிய பட்டியல் மறுநாள் முடிந்ததும் செயலி Autoplay வழியாக அதே சாயலில் வேறு பாட்டுகளை இழுத்து ஓட்ட ஆரம்பித்தது. பாட்டு நிற்காததால் அவருக்குத் தெரியவே இல்லை, மாலையில் டேட்டா குறைந்திருந்ததைப் பார்த்துத்தான் விழித்தார். அமைப்புகளில் Autoplay என்பதை அணைத்து, பட்டியலைத் திரும்ப ஓடும்படி வைத்தோம். செயலியில் Offline mode இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். போனில் டேட்டா இருந்தாலும் அந்தச் செயலி மட்டும் இணையத்துக்குப் போகாது.

இன்னொன்று, இடம் போதவில்லை என்று போன் கெஞ்சும்போது செயலியின் Clear storage பொத்தானைத் தட்டிவிடாதீர்கள். இறக்கிய பாட்டெல்லாம் போய்விடும். சந்தா செயலிகள் குறைந்தது 30 நாளுக்கு ஒரு முறை இணையத்தைத் தொட்டுக் கணக்கைச் சரிபார்க்கும். அதனால் Offline mode போட்டே வைத்திருந்தால் மாதத்தில் ஒரு நாள் எடுத்துவிட்டுச் செயலியைத் திறங்கள், இல்லாவிட்டால் ஒரு நாள் காலையில் பாட்டு ஓடாது.

போனே வேண்டாம் என்றால்

ஸ்பீக்கரின் பின்னால் மெமரி கார்டு துளையோ யுஎஸ்பி துளையோ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எம்பி3 கோப்புகளைக் கார்டில் ஏற்றிச் செருகிவிடலாம், போன் சார்ஜ் பற்றிய பேச்சே இல்லை. மாமாவிடம் சிடியிலிருந்து எடுத்த பழைய பக்திப் பாட்டுகள் இருந்தன. அவற்றை 64 ஜிபி கார்டில் போட்டுச் செருகினார், ஸ்பீக்கர் வாயே திறக்கவில்லை. கார்டு பழுது என்று கடையில் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டார். பிரச்சினை வேறு. 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் கோப்புகளை அடுக்கி வைக்கும் exFAT என்ற முறையில் வருகின்றன, விலை குறைந்த ஸ்பீக்கர்கள் பலவற்றுக்கு FAT32 என்ற வேறு முறையை மட்டும்தான் படிக்கத் தெரியும். போனில் கிடந்த பழைய 16 ஜிபி கார்டுக்குப் பாட்டை மாற்றிச் செருகியதும் பாடியது.

இப்போது காலை முதல் மணி நேரம் மாமாவின் கார்டு, அதன் பிறகு அத்தையின் பட்டியல். நேற்று மாலை ஆறு மணிக்கு அவர் போனில் சார்ஜ் 61 சதவீதம், டேட்டா 1.2 ஜிபி மிச்சம்.